மைக்ரோவேவில் பீன்ஸும் பரங்கிக்காயும்: எவ்வளவு காய்க்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம்

கால் கிலோ பீன்ஸ் மைக்ரோவேவில் ஆறேழு நிமிடத்தில் வெந்துவிடும். அப்படியானால் அரைக் கிலோவுக்குப் பதின்மூன்று நிமிடம் என்று புதிதாகச் சமைப்பவர்கள் கணக்குப் போடுவார்கள். அப்படி வைத்தால் பாத்திரத்தில் தண்ணீர் வற்றிப்போய், ஓரத்தில் இருக்கும் பீன்ஸ் சுருங்கி, கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். அடுத்த முறை பயந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுவார்கள். அதைச் சூடாக்கவே பாதி நேரம் போய்விடும், காயும் சளசளவென்று ஆகிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். காயின் அளவு கூடும்போது நேரமும் தண்ணீரும் அதே விகிதத்தில் கூடுவதில்லை.

இது ஏன் என்று ஒருமுறை புரிந்துகொண்டால் எந்த அளவுக்கும் நேரத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதனால் சமையலுக்கு முன்னால் கொஞ்சம் கணக்கு.

நேரம் இரண்டு பங்கு

காய் வேகும் நேரத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பங்கு, பாத்திரத்தில் இருக்கும் காயும் தண்ணீரும் கொதிநிலைக்குச் சூடாக எடுக்கும் நேரம். இது எடையைப் பொறுத்தது. 200 கிராம் சூடாவதைவிட 400 கிராம் சூடாக இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஏனென்றால் மைக்ரோவேவ் நிமிடத்துக்கு இவ்வளவு வெப்பம் என்று கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் கொடுக்கும். கேஸ் அடுப்பு மாதிரி தீயைப் பெரிதாக்க முடியாது.

இரண்டாம் பங்கு, கொதி வந்த பிறகு அந்தச் சூட்டிலேயே இருந்து காய் மென்மையாக எடுக்கும் நேரம். இதற்கும் எடைக்கும் சம்பந்தம் இல்லை. 100 டிகிரி சூட்டில் ஒரு பீன்ஸ் துண்டு மிருதுவாக 4 நிமிடம் வேண்டும் என்றால், பக்கத்தில் ஐம்பது துண்டு இருந்தாலும் ஐந்நூறு துண்டு இருந்தாலும் அதே 4 நிமிடம்தான். காயின் ரகமும் முற்றலும் எவ்வளவு பெரிதாக நறுக்கினோம் என்பதும்தான் இதைத் தீர்மானிக்கும்.

ஆகவே அளவு இரட்டித்தால் முதல் பங்கை மட்டும் இரட்டியுங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள்.

தண்ணீரும் இதே கதைதான். கொதி வந்த பிறகு காய்க்கு மேற்கொண்டு சூடு ஏறாது. அதற்கு மேல் கொடுக்கும் வெப்பம் எல்லாம் தண்ணீரை ஆவியாக்கத்தான் போகும். 800 வாட் மைக்ரோவேவ் முழு சக்தியில் ஓடினால், கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்திலிருந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி, தண்ணீர் ஆவியாகும். பாதி சக்தியில் ஓடினால் அரை டேபிள்ஸ்பூன். ஊற்ற வேண்டிய தண்ணீர் இப்படித்தான் தெரியும். கொதித்த பிறகு எத்தனை நிமிடம் ஓடப்போகிறது, அதற்கு எவ்வளவு ஆவியாகும், அதற்கு மேல் ஒரு ஸ்பூன். இதில் காயின் எடை வரவே இல்லை, கவனித்தீர்களா?

கொதி வந்ததும் சக்தியைப் பாதியாகக் குறைக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். பாதி சக்தியிலும் கொதி நிற்காது, காய் அதே வேகத்தில் வேகும், தண்ணீர் மட்டும் பாதிதான் செலவாகும். குறைந்த தண்ணீரில் சமைக்கும் வித்தையே இந்த ஒரு பட்டனில்தான் இருக்கிறது என்பேன். பெரும்பாலானவர்கள் அதை அழுத்துவதே இல்லை.

உங்கள் மைக்ரோவேவின் வேகத்தைத் தெரிந்துகொள்வது

எல்லா மைக்ரோவேவும் ஒன்றல்ல. வீட்டு மாடல்கள் பெரும்பாலும் 700 முதல் 900 வாட் வரை இருக்கும். பின்பக்க ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் போட்டிருக்கலாம். 1200-ஐ ஒட்டிய பெரிய எண் சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம். சமையலுக்கு உதவுவது சின்ன எண்தான். அதுவும் மின்னழுத்தம் குறையும் நேரங்களில் இறங்கிவிடும். மாலையில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது அதே காய் அரை நிமிடம் கூடக் கேட்கும்.

அதனால் ஸ்டிக்கரை நம்புவதைவிட ஒரு சின்னப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு பீங்கான் காபிக் கோப்பையில் 200 மில்லி குழாய்த் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு மரக்குச்சியோ மரக்கரண்டியோ போட்டு, முழு சக்தியில் வையுங்கள். குச்சி எதற்கென்றால், வழவழப்பான கோப்பையில் வெறும் தண்ணீர் சில சமயம் குமிழ் விடாமலேயே கொதிநிலையைத் தாண்டிச் சூடாகிவிடும். எடுக்கும்போது லேசாக அசைந்தால் பொங்கி மேலே தெறிக்கும். குச்சி இருந்தால் அதன் மேல் குமிழ் கட்டி ஒழுங்காகக் கொதிக்கும்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்க எத்தனை விநாடி ஆனது என்று பாருங்கள். 800 வாட்டில் நம் ஊர் வெப்பத்துக்கு 100 விநாடி அளவில் வரும். அதில் பாதி, அதாவது 50 விநாடி, உங்கள் மைக்ரோவேவ் 100 கிராமைக் கொதிக்க வைக்க எடுக்கும் நேரம். பீன்ஸும் பரங்கியும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். ஆகவே தண்ணீருக்கு வந்த கணக்கு அவற்றுக்கும் சரியாகவே வரும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மைக்ரோவேவ் மேல் ஒட்டிவிடுங்கள். இனி எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

பாத்திரம், மூடி, நறுக்கு

மைக்ரோவேவுக்கு உரிய கண்ணாடிக் கிண்ணம் போதும். ஆழமானது வேண்டாம், அகலமானது வேண்டும். மைக்ரோவேவ் அலை காய்க்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரைதான் வலுவாக இறங்கும். காயைக் குவியலாகப் போட்டால் வெளிப்பக்கம் வெந்து நடுவில் பச்சையாக நிற்கும். மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரவலாகக் கிடந்தால் நல்லது. எவர்சில்வர், தங்கக்கோடு போட்ட பீங்கான், மெலமைன் தட்டு இவை எதுவும் உள்ளே போகக்கூடாது.

மூடி கட்டாயம் வேண்டும். மூடாமல் வைத்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது, ஏனென்றால் காயை வேகவைப்பது அந்தக் கொஞ்சத் தண்ணீர் அல்ல, அதிலிருந்து எழும்பி மூடிக்குள் நிற்கும் ஆவிதான். தனியாக மூடி இல்லையென்றால் ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். ஆவி வெளியேற ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கட்டும், இறுக்கி அடைக்கக்கூடாது.

நறுக்குவதில் ஒரே விஷயம், எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கேஸில் பெரிய துண்டு வேகவில்லை என்றால் பார்த்துக் கிளறலாம். இங்கே கதவு மூடியிருக்கும். பீன்ஸை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாகவும், பரங்கிக்காயை இரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாகவும் வைத்துத்தான் கீழே நேரம் சொல்கிறேன்.

கால் கிலோ பீன்ஸ், பொரியலுக்கு

இளசான பீன்ஸாக இருந்தால் இரு முனையையும் கிள்ளி நார் எடுத்து, கழுவி, நறுக்கிக்கொள்ளுங்கள். நறுக்கிய பிறகு 250 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பீன்ஸுக்குக் கொதி வந்த பின் பாதி சக்தியில் 4 நிமிடம் வேண்டும். நிமிடத்துக்கு அரை டேபிள்ஸ்பூன் வீதம் 2 டேபிள்ஸ்பூன் ஆவியாகும். அடியில் காயாமல் இருக்க இன்னொன்று. ஆக 3 டேபிள்ஸ்பூன், 45 மில்லி.

முதல் பங்குக்கு இந்தத் தண்ணீரையும் காயோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 250-உம் 45-உம் 295, ஏறக்குறைய 300 கிராம். 100 கிராமுக்கு 50 விநாடி என்றால் 150 விநாடி, இரண்டரை நிமிடம்.

உப்பு இப்போது போடாதீர்கள். காய் மேல் நேராக விழும் உப்பு, விழுந்த இடத்தில் ஈரத்தை இழுத்து அங்கங்கே தோலைச் சுருக்கிவிடும். புளி, தக்காளி, எலுமிச்சை எதுவும் இப்போது வேண்டாம். புளிப்பு சேர்ந்தால் பீன்ஸ் மிருதுவாகவே நேரமாகும், பச்சை நிறமும் பாசிப்பழுப்பாக மாறிவிடும்.

மூடி போட்டு முழு சக்தியில் இரண்டரை நிமிடம். கதவைத் திறந்து பாருங்கள். மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்திருக்க வேண்டும், ஓரத்தில் தண்ணீர் குமிழ் விட வேண்டும், பீன்ஸின் நிறம் பளீரென்ற பச்சைக்கு மாறியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கொதி வந்துவிட்டது. நடுவில் மட்டும் நிறம் மாறாமல் இருந்தால் கிளறிவிட்டு இன்னொரு அரை நிமிடம் முழு சக்தியில் ஓட்டுங்கள். மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும். அந்த ஆவி கையைச் சுட்டுவிடும்.

இப்போது நன்றாகக் கிளறுங்கள். ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் தள்ளுங்கள், ஏனென்றால் கிண்ணத்தின் நடுப்பகுதிதான் எப்போதும் கடைசியாகச் சூடாகும். மூடி, சக்தியை 50 சதவீதத்துக்கு மாற்றி, 4 நிமிடம். சில மாடல்களில் P50 என்று காட்டும், சிலவற்றில் 450W மாதிரி வாட்டாகவே காட்டும், திருகும் மாடலில் மீடியம் என்று இருக்கும். சத்தம் விட்டுவிட்டுக் கேட்டால் பயப்பட வேண்டாம். பல மைக்ரோவேவ்கள் பாதி சக்தி என்றால் முழு சக்தியில் கொஞ்ச நேரம் ஓடிக் கொஞ்ச நேரம் நிற்கும், அவ்வளவுதான்.

முடிந்ததும் மூடியைத் திறக்காமல் 2 நிமிடம் அப்படியே விடுங்கள். ஆவி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், சூடும் எல்லாத் துண்டுக்கும் சமமாகப் பரவும். பிறகு ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்துங்கள். நசுங்காமல் அமுங்கினால் பொரியலுக்குச் சரியான பதம். அடியில் ஒன்றிரண்டு ஸ்பூன் தண்ணீர் மிச்சம் இருக்கும். அதைக் கொட்டாமல் காயோடு சேர்த்துவிடுங்கள், கரைந்த சத்து அதில்தான் இருக்கிறது.

தாளிப்பு மட்டும் அடுப்பில். கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெந்த பீன்ஸையும் உப்பையும் போட்டு, தண்ணீர் சுண்டும் வரை ஒரு நிமிடம் புரட்டித் தேங்காய்த் துருவல் தூவினால் முடிந்தது. எண்ணெயை மைக்ரோவேவில் காய வைத்துத் தாளிக்கும் முறையும் உண்டு. பழகாதவர்களுக்கு அது வேண்டாம், எண்ணெய் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

பரங்கிக்காய்க்கு என்ன மாறும்

மஞ்சள் பூசணி, அதாவது பரங்கிக்காய், பீன்ஸைவிடச் சீக்கிரம் மசியும். சூடானதும் தானே நீர் விடும். அதனால் 1 டேபிள்ஸ்பூன் தண்ணீர் போதும். அதுவும் ஆவி கிளம்புவதற்குத் தொடக்கமாகத்தான். இரண்டாம் பங்கும் 3 நிமிடம்தான்.

400 கிராம் துண்டுகளை எடுத்துக்கொண்டால் தண்ணீரோடு 415 கிராம். முழு சக்தியில் மூன்றரை நிமிடம், கிளறிவிட்டுப் பாதி சக்தியில் 3 நிமிடம், மூடியபடி 3 நிமிடம் ஆற விடுவது. இந்த ஆற விடும் நேரத்தைப் பரங்கியில் தவறவிடவே கூடாது. மைக்ரோவேவ் நின்றவுடன் குத்திப் பார்த்தால் நடுவில் லேசாகக் கெட்டியாகத்தான் இருக்கும். வேகவில்லை என்று இன்னும் 2 நிமிடம் வைத்தால் வெளியே எடுக்கும்போது களி மாதிரி ஆகிவிடும். பொறுத்திருந்து 3 நிமிடம் கழித்துக் குத்துங்கள். அப்போதும் கெட்டியாக இருந்தால் ஒரு நிமிடம், அதுவும் பாதி சக்தியில்.

கிளறும்போது கரண்டி போட்டுக் குத்தாமல் கிண்ணத்தைப் பிடித்துக் குலுக்கிவிடுவது நல்லது, முனைகள் உடையாது. தோல் இளசாக இருந்தால் சீவாமல் விடுங்கள், துண்டுகள் உருவம் குலையாமல் நிற்கும். எரிசேரிக்கோ சூப்புக்கோ மசிக்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கவலை எதுவும் இல்லை. தோல் சீவி, பாதி சக்தியில் 3-க்குப் பதில் 5 நிமிடம் வைத்து மத்தால் மசித்துவிடலாம். கூட்டுக்கு என்றால் பாசிப்பருப்பைக் குக்கரில் தனியே வேகவைத்துக் கடைசியில் சேருங்கள். பருப்பையும் காயையும் ஒரே கிண்ணத்தில் போட்டால் பருப்பு வேகும் முன் காய் கரைந்துவிடும்.

அளவு வாரியாக நேரம்

800 வாட், ஃபிரிட்ஜில் வைக்காத காய், மேலே சொன்ன நறுக்கு. முதல் நேரம் முழு சக்தியில், இரண்டாவது பாதி சக்தியில்.

பீன்ஸ் 100 கிராம்: தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன், 1¼ நிமிடம், பிறகு 4 நிமிடம்.
பீன்ஸ் 250 கிராம்: 3 டேபிள்ஸ்பூன், 2½ நிமிடம், பிறகு 4.
பீன்ஸ் 500 கிராம்: 4 டேபிள்ஸ்பூன், 4¾ நிமிடம், பிறகு 4.
பரங்கி 200 கிராம்: 1 டேபிள்ஸ்பூன், 1¾ நிமிடம், பிறகு 3.
பரங்கி 400 கிராம்: 1 டேபிள்ஸ்பூன், 3½ நிமிடம், பிறகு 3.
பரங்கி 800 கிராம்: 2 டேபிள்ஸ்பூன், 7 நிமிடம், பிறகு 3.

பெரிய அளவுக்கு ஒரு ஸ்பூன் கூடுவது, நடுப்பகுதி கொதிக்கும் முன்பே ஓரம் கொதித்து ஆவியாக ஆரம்பித்துவிடுவதால். அந்த அளவுகளில் முதல் பங்கின் பாதியிலும் ஒருமுறை நிறுத்திக் கிளறுங்கள். ஒரு கிலோ பீன்ஸை ஒரே தடவையில் வைக்க நினைக்காதீர்கள். குவியல் உயரமாகி நடுவில் சூடு எட்டாது. இரண்டு ஈடாக வைப்பதே மேல். உண்மையில் அந்த அளவுக்குக் குக்கரே வேகமானது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த காய்க்கு முதல் பங்கில் மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள், இரண்டாவது மாறாது. கடையில் கிடைக்கும் உறைந்த பீன்ஸ் வேறு கணக்கு. பனி உருகவே நிறைய வெப்பம் போவதால் முதல் பங்கு இரண்டரை மடங்கு ஆகும். ஆனால் அதை ஏற்கெனவே வெந்நீரில் போட்டெடுத்துத்தான் உறைய வைக்கிறார்கள் என்பதால் இரண்டாவது 2 நிமிடம் போதும். பனியே நீராக மாறும், ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றினால் சரி. முற்றிய பீன்ஸுக்கு நேர்மாறு. முதல் பங்கு அதேதான், இரண்டாவதுதான் 6 நிமிடம் வரை போகும், அதற்குத் தகுந்தபடி ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரும் கூட வேண்டும்.

சரியாக வரவில்லை என்றால்

பீன்ஸ் சுருங்கி இழுக்கிறது என்றால் தண்ணீர் வற்றியிருக்கிறது. கொதி வந்த பிறகும் முழு சக்தியில் ஓடியிருக்கும், அல்லது மூடி அதிகம் திறந்திருக்கும். 2 டேபிள்ஸ்பூன் சுடுதண்ணீர் தெளித்து மூடிப் பாதி சக்தியில் 2 நிமிடம் வைத்தால் ஓரளவு மீட்கலாம். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அதைச் சூடாக்கத் தனியாக நேரம் போகும்.

பாதி வெந்து பாதி வேகாமல் இருந்தால் கிளறாததோ, துண்டுகள் சமமாக இல்லாததோ காரணம். எல்லாமே ஒரே மாதிரி வேகாமல் நறுக்கென்று இருந்தால் முதல் பங்கு போதவில்லை, கொதியே வராமல் பாதி சக்திக்கு மாற்றிவிட்டீர்கள். இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டால் எந்தப் பங்கைக் கூட்டுவது என்று தடுமாற வேண்டியதில்லை.

உள்ளே பட்பட்டென்று பொறி பறந்தால் உடனே நிறுத்துங்கள். பாத்திரத்தில் உலோகம் இல்லாவிட்டாலும், கொஞ்சமாக இருக்கும் பீன்ஸ், கேரட் துண்டுகள் ஈரம் இல்லாமல் கிடந்தால் அவற்றின் கூரான விளிம்புகளில் பொறி வரும். தண்ணீர் தெளித்து, கிளறி, மூடி மறுபடி வைத்தால் நின்றுவிடும். பொறி பட்டுக் கருகிய துண்டுகளை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இந்த முறை பச்சைக் காய்க்கு மட்டும். ராஜ்மா மாதிரி காய்ந்த பயறுகளை இப்படிக் குறைந்த தண்ணீரில் சில நிமிடம் சூடாக்கிச் சாப்பிடவே கூடாது. வேகாத ராஜ்மாவில் இருக்கும் ஒரு நச்சுப்புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நிறையத் தண்ணீரோடு நன்றாக மசியும் வரை வேகவைக்க வேண்டும்.